முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவன் நான். கத்தரிக்கோல் பிடித்தால் நேராகப் போகும் இந்தக் கை, பேனா பிடித்தால் கோணிக்கொள்கிறது. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொண்டு திருத்திப் படிக்க வேண்டும். வாயால் சொல்லியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வாயால் சொல்வது எனக்கு இதைவிடக் கஷ்டம்.

கந்தர்வக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு சலூன் இருக்கிறது. இரண்டு நாற்காலி போட்ட சின்னக் கடை. சலூன்காரன் என்றால் பேச வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பேச மாட்டேன். யாராவது ஏதாவது கேட்டால் கண்ணாடியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பேன், அவ்வளவுதான். சிலபேருக்கு அது பிடிக்கும். சிலபேர் ஒருதடவை வந்துவிட்டு, எதிர்த்த கடைக்குப் போய்விடுவார்கள்.

தலைக்கு டை அடிப்பதில் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். புதிதாக அடிக்க வருகிறவருக்கு அன்றைக்கே அடிக்க மாட்டேன். கொஞ்சம் தோலில் வைத்துப் பார்த்து, இரண்டு நாள் கழித்துத்தான் அடிப்பேன். அந்த வழக்கம் என் கையிலிருந்து வந்தது. கடை போட்ட காலத்தில் வெறுங்கையால்தான் டை கலக்குவேன், வெறுங்கையால்தான் தடவுவேன். நாலைந்து வருஷம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒருநாள் விரல் இடுக்கில் அரிப்பு. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து சோப்பை மாற்றினேன். அரிப்பு நிற்கவில்லை. கடுகளவு நீர்க்கொப்புளம் கிளம்பியது, உடைந்தது, தோல் வெடித்து ரத்தம் வந்தது. சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன். புதுக்கோட்டையில் பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது, தோல் டாக்டரம்மா என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று மட்டும்தான் கேட்டார்கள். சொன்னேன். "டைதான். இனிமே கிளவுஸ் இல்லாம தொடாதீங்க. ஒங்க கைக்கு வந்தது ஒங்ககிட்ட வர்றவங்க தலைக்கும் வரலாம். தலைக்கு வந்தா மூஞ்சியே வீங்கிரும், கண்ணு தொறக்க முடியாது" என்றார்கள். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற காகிதத்தில் எல்லாம் எழுதியிருக்கிறதே, படிக்கவில்லையா என்றும் கேட்டார்கள். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. நான் அதுவரை அதைப் பிரித்தே பார்த்ததில்லை. நாற்காலியைத் துடைக்கத்தான் பயன்படுத்துவேன்.

போன ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், ஒரு அக்காவும் அவருடைய தம்பியும் கடைக்கு வந்தார்கள். ஊருக்குக் கிழக்கே, முந்திரித் தோப்பு ஓரமாகக் கொட்டகை போட்டு, கொட்டை வாங்கி வறுத்து உடைத்து விற்கிறவர்கள். தம்பி என்று சொன்னாலும் அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். என்னிடம்தான் முடி வெட்டிக்கொள்வார். அவரும் பேச மாட்டார், நானும் பேச மாட்டேன். அதனால் எங்களுக்குள் நல்ல பழக்கம்.

அக்கா அப்படி இல்லை. கடைக்குள் பெண்கள் வருவது குறைவு. அவர் வாசலில் நின்றபடியே ஆரம்பித்தார்.

"ஏம்ப்பா, ஞாயித்துக்கெழமை மணமேல்குடியில பொண்ணு பாக்கப் போறோம் இவனுக்கு. இந்தத் தலையக் கொஞ்சம் மனுசத் தலையா ஆக்கிக் குடு."

அண்ணன் கண்ணாடியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். தலை முழுக்க வெள்ளை. மீசை மட்டும் அங்கங்கே கறுப்பு.

"தரகர்கிட்ட நாப்பத்திரண்டுன்னு சொல்லிருக்கு" என்றார் அக்கா.

"நாப்பத்தெட்டுக்கா" என்றார் அண்ணன் மெதுவாக.

"ஒன்ன யாருடா கேட்டா? டை அடிச்சா நாப்பத்திரண்டுதான்."

நான் என் வழக்கத்தைச் சொன்னேன். சொன்னேன் என்றால், இரண்டு வார்த்தைதான் வந்தது. அக்காவே மீதியைப் பிடுங்கிக்கொண்டார். "வச்சுப் பாக்கணுமா? கல்யாணத்துக்கு முன்னால ஜாதகம் பாக்கற மாதிரி மயிருக்கும் பொருத்தம் பாக்கணுமாக்கும்?" முடி வெட்டிக்கொண்டிருந்தவர் நாற்காலியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நல்லவேளையாக நாள் கணக்கு ஒத்துவந்தது. வியாழன் சாயங்காலம் வைத்தால் சனி சாயங்காலம் நாற்பத்தெட்டு மணி நேரம். சனி சாயங்காலம் அடித்தால் ஞாயிறு காலையில் மணமேல்குடி பஸ் ஏறலாம். அக்கா சரி என்றார்.

அண்ணனிடம் கேட்டேன், "முன்னாடி எப்பயாச்சும் டை போட்டு அரிச்சிருக்காண்ணே?"

"இதுதான் தம்பி மொதத் தடவ."

கிளவுஸ் போட்டுக்கொண்டேன். அடிக்கப் போகிற அதே டைதான், இரண்டு டியூப்பிலிருந்தும் பட்டாணி அளவு பிதுக்கி, பீங்கான் மூடியில் வைத்துக் கலக்கினேன். காதுக்குப் பின்னால் வைப்பதுதான் என் பழக்கம். சோப்புப் போட்டுத் துடைக்கப் பஞ்சை எடுத்தபோது அக்கா தடுத்தார். "காதுக்குப் பின்னால கருப்பா இருந்தா நாளைக்கு சரக்கெடுக்க வர்ற யாவாரியெல்லாம் கேப்பான். கையில வையி." டாக்டரம்மா காதுக்குப் பின்னாலும் வைக்கலாம், முழங்கை உள்மடிப்பிலும் வைக்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அதனால் நானும் மறுக்கவில்லை. இடது முழங்கை மடிப்பைக் கழுவித் துடைத்து, பஞ்சுக் குச்சியால் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு பொட்டு வைத்தேன். காயும்வரை கையை நீட்டி வைத்திருக்கச் சொன்னேன். "ரெண்டு நாளைக்குக் கழுவாதீங்க. ஆனா அரிச்சாலோ செவந்தாலோ எரிஞ்சாலோ அந்த நிமிசமே கழுவிட்டு எனக்கு போன் பண்ணுங்க" என்றேன். அவர் கையை நீட்டியபடியே தலையை ஆட்டினார்.

அவர்கள் போய் அரைமணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. முந்திரி வறுக்கிறவர் கையில் போய் வைத்துவிட்டோமே.

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. அதைப் பால் என்போம். தோலில் பட்டால் வெந்துபோகும். கொட்டை உடைக்கிறவர்கள் கையைப் பார்த்தால், விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து, கீழே வெள்ளையாகத் தெரியும். சிலருக்கு அரிப்பும் வரும். அப்படிப்பட்ட கையில் டையை வைத்துவிட்டு, அரிக்கிறதா என்று எப்படிக் கேட்பது? எதனால் அரிக்கிறது என்று யார் சொல்வது?

வெள்ளிக்கிழமை முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. போன் மேசைமேல் இருந்தது. அது அடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டேன். எல்லாம் வேறு யாரோ. போன் வராததால் ஒன்றும் இல்லை என்று ஒரு நேரம் நினைத்தேன். அண்ணன் என்னை மாதிரி ஆள், அரித்தாலும் போன் பண்ண மாட்டார் என்று ஒரு நேரம் நினைத்தேன். நானே பண்ணியிருக்கலாம். இரண்டு தடவை எடுத்து, இரண்டு தடவை வைத்துவிட்டேன். என்னவென்று கேட்பது? அக்கா எடுத்துவிட்டால்?

சாப்பிடும்போது என் மனைவி பார்த்துவிட்டாள். "என்ன, இலையப் பாத்துக்கிட்டே இருக்கீங்க?" விஷயத்தைச் சொன்னேன். "போயி பாத்துட்டு வாங்களேன். அவுகளா வர்ற வரைக்கும் ஒக்காந்திருந்தா அவுக மூஞ்சி வீங்கினப்பறம்தான் நீங்க வாயத் தொறப்பீங்க" என்றாள். அவளுக்கு என்னைப் பற்றி நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை காலை கடையைத் திறக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். முந்திரிப் பருப்பு வாங்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு பையும் எடுத்துப் போனேன்.

அண்ணன் வறுத்துக்கொண்டிருந்தார். இரும்புச் சட்டியில் கொட்டை தீப்பிடித்து எரிய, நீளமான கம்பியால் கிளறினார். கரும்புகை கண்ணைக் கரித்தது. சட்டியைக் கவிழ்த்துக் கொட்டியதும் தண்ணீர் தெளித்து மணலைப் போட்டு அணைத்தார். கொஞ்சம் தள்ளி அக்கா சாக்கில் உட்கார்ந்து, கையில் சாம்பலைத் தடவிக்கொண்டு, கட்டையால் ஒவ்வொரு கொட்டையாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, பொண்ணு பாக்க நீயும் வாரியா?" என்றார் அக்கா.

நான் பையைக் காட்டினேன். காட்டிவிட்டு அண்ணனைப் பார்த்தேன். அவர் கம்பியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, இடது முழங்கை மடிப்பை இடுப்போடு சேர்த்துத் தேய்த்தார். கொஞ்சநேரம் கழித்து மறுபடியும் தேய்த்தார். தேய்க்கிறோம் என்று அவருக்கே தெரியாத மாதிரி தேய்த்தார்.

"அண்ணே, கையக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல தம்பி. பால் பட்டுருச்சு."

"காட்டுங்கண்ணே."

மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றி, சட்டைக் கையைச் சுருட்டினார். பொட்டு வைத்த இடம் சிவந்து தடித்திருந்தது. மேலே வியர்க்குருவைப் போலக் கொஞ்சம். நான் குனிந்து பார்ப்பதற்குள் அக்கா வந்துவிட்டார்.

"பால்தாம்ப்பா. முப்பது வருசமா இதுல கெடக்கோம், எங்களுக்குத் தெரியாதா? இங்க பாரு." சாம்பல் கையை என் மூக்குக்கு நேரே நீட்டினார். விரல்கள் கறுத்து உரிந்திருந்தன. "இதெல்லாம் ஒன் டை அடிச்சா வந்துச்சு?"

"எப்ப இருந்து அரிக்குதுண்ணே?" என்று மட்டும் கேட்டேன்.

"நேத்து சாயங்காலம்..."

"நேத்து பூரா வறுத்தான். பின்ன அரிக்காதா?" என்றார் அக்கா. "சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாரோம். கடையப் பூட்டிட்டுப் போயிராத."

"இப்பவே கழுவிருங்கண்ணே" என்றேன். அதுவரைக்கும்தான் வந்தது. கால்கிலோ பருப்பை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

வருகிற வழியில் பாதி தூரத்தில் வண்டியை நிறுத்திவிட்டேன். பேசத் தெரியாதவனுக்குப் பேச வேண்டியதெல்லாம் வழியில்தான் ஞாபகம் வரும். அவர் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். மணிக்கட்டில் பொத்தான் மாட்டியிருந்தது. வறுக்கும்போது எண்ணெய் தெறிக்கும் என்பதற்காகத்தானே அந்தச் சட்டை? விரலிலும் மணிக்கட்டிலும் படுகிற பால், சட்டைக்குள் ஏறி மடிப்பில் மட்டும் எப்படிப் படும்? பட்டிருந்தால் கம்பி பிடிக்கிற வலது கையிலல்லவா முதலில் பட்டிருக்கும்? அக்காவின் விரலில் இருந்தது கறுத்து, காய்ந்து, தோல் போல உரிவது. அண்ணன் கையில் இருந்தது சிவப்பு, தடிப்பு. அதுவும் நான் வைத்த அதே வட்டம். எண்ணெய் தெறித்தால் வட்டமாகவா தெறிக்கும்? தெறித்த தடம் கோடு கோடாக அல்லவா இருக்கும்?

திரும்பிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. சாயங்காலம் வருவார்களே, அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று கடைக்கு வந்துவிட்டேன். அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பகல் முழுவதும் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒருவருக்குக் கிருதாவை ஒருபக்கம் ஏற்றி வெட்டிவிட்டேன். மறுபக்கமும் ஏற்றிச் சமன் செய்தேன். அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிடலாம், அது பெரிதில்லை. ஆனால் நான் அடிக்காவிட்டால் வேறு யாராவது அடிப்பார்கள். எதிர்த்த கடை இருக்கிறது. யாரும் இல்லாவிட்டால் பெட்டிக்கடையில் பாக்கெட் தொங்குகிறது, கலக்கி அக்காவே பூசிவிடுவார். அப்படி ஆனால் ஞாயிற்றுக்கிழமை மணமேல்குடியில், பெண் வீட்டுக் கூடத்தில், அண்ணன் முகம் என்ன ஆகும்? ரூபாய் அகலத்துக்கு வைத்ததற்கே இப்படி என்றால், தலை முழுக்க வைத்தால்?

ஐந்து மணிக்கு முன்பே வந்துவிட்டார்கள். அண்ணன் குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அக்காவே நாற்காலியைத் திருப்பி அவரை உட்கார வைத்தார். நான் துணியைப் போர்த்தவில்லை. கத்தரிக்கோலை எடுக்கவில்லை. சும்மா நின்றேன்.

"என்னப்பா நிக்கிற? ராகுகாலம் பாக்குறியா?"

"கையப் பாக்கணும்க்கா."

சட்டைக் கையைச் சுருட்டியபோது அக்காவும் எட்டிப் பார்த்தார். காலையில் வியர்க்குரு மாதிரி இருந்தது இப்போது நீர்க்கொப்புளமாக இருந்தது. வட்டத்தைத் தாண்டி ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு பரவியிருந்தது. தொட்டால் சுட்டது. சுற்றிலும் நகம் பட்ட கோடுகள்.

"அடிக்க மாட்டேங்க்கா" என்றேன்.

வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் பேப்பரைக் கீழே இறக்கினார். என் காது இரண்டும் சூடாகிவிட்டது.

"பால்தான்னு சொன்னேன்ல..."

"பால் இல்லக்கா. பாலுன்னா ரெண்டு கையிலயும் இருக்கும். சட்டையால கைய மூடிக்கிட்டு வறுக்குறாரு, அங்க எப்படிப் படும்?"

"பெரிய டாக்டரு! சரி, நீ அடிக்க வேணாம். பொட்டிக்கடையில பாக்கெட்டு வாங்கி நானே பூசி விட்டுக்கிறேன். எந்திரிடா."

அண்ணன் எழுந்தார். அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியதோ தெரியாது. வாசலில் போய் நின்று மறித்துக்கொண்டேன். இரண்டு கையையும் விரித்து அக்காவிடம் காட்டினேன். விரல் இடுக்கில் பழைய வெடிப்புகளின் தழும்பு இன்னும் இருக்கிறது.

"இது முந்திரியா டையான்னு சொல்லுங்கக்கா. நான் ஒரு கொட்ட ஒடச்சதில்ல. இது டை. ஒண்ணரை வருசம் ஒழுங்கா சோறு திங்கல. கையில வந்துச்சு, பொழச்சேன். தலையில பூசுனீங்கன்னா நாளைக்குப் பொண்ணு வீட்ல இவரு கண்ணத் தொறக்க மாட்டாரு. மூச்சு முட்டுனாலும் முட்டும். அங்கிட்டு எந்த ஆஸ்பத்திரிக்கி ஓடுவீங்க?"

நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. பேப்பர் படித்தவர், "அட, இவனுக்கு வாய் இருக்குடா" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். பிறகு, "தம்பி, டைக்கும் திருவிழாவுல கையில அச்சுக் குத்துவாங்கள்ல, கருப்பு மருதாணி, அதுக்கும் ஏதாச்சும் இருக்கா?" என்றார்.

"ஏண்ணே?"

"கோயில் திருவிழாவுல ஒருதடவ கையில சிங்கம் போட்டேன். மறுநா சிங்கம் பூரா கொப்புளமாயிருச்சு. ஒரு மாசம் சிங்கம் மாதிரியே புண்ணு. அப்பறம் ஆறிருச்சு."

"வியாழக்கெழமையே கேட்டேனேண்ணே!"

"நீ டைதான கேட்ட? மருதாணியக் கேக்கலயே."

கேட்காதது என் தப்பு. டாக்டரம்மா அதையும் ஒருதடவை சொல்லியிருந்தார்கள், சீக்கிரம் கறுப்பாகப் பிடிக்கிற மருதாணியில் அதே டை மருந்தைக் கலப்பார்கள் என்று. நான் மறந்துவிட்டேன்.

அக்கா தம்பியின் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஒரு சிங்கத்தால வந்த வென" என்று முணுமுணுத்தார். அதோடு விடவில்லை, "மஞ்சளு கொழச்சுப் போடட்டா? எண்ணெ தடவட்டா?" என்றார். எதுவும் வேண்டாம், தண்ணீர் போதும் என்றேன். பின்பக்கக் குழாயில் சோப்பைப் போட்டு மெதுவாகக் கழுவினேன். காலையில் நான் சொல்லியும் அவர் கழுவவில்லை, குளிக்கும்போதும் அந்த இடத்தை நனைக்கவில்லை. கழுவினால் சோதனை கெட்டுப்போய், நான் டை அடிக்க மறுத்துவிடுவேன் என்று பயந்தாராம். நேற்று சாயங்காலத்திலிருந்து அந்த அரிப்போடு இருந்திருக்கிறார். ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, கடையைப் பேப்பர் படித்தவரிடம் விட்டுவிட்டு, அரசு ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கூட்டிப் போனேன். அக்கா ஆட்டோவில் பின்னால் வந்தார்.

டியூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர். கையைப் பார்த்தார், டைப் பெட்டியைக் காட்டச் சொன்னார். நான் எடுத்துப் போயிருந்தேன். சிங்கத்தைப் பற்றியும் சொன்னோம். "அன்னைக்கே ஒங்க ஒடம்பு இத வேண்டாத சாமான்னு ஞாபகம் வச்சுக்கிச்சு. இனிமே கொஞ்சம் பட்டாலும் சண்டைக்கி வரும். இந்த மாதிரி டை எதுவும் ஆயுசுக்கும் வேணாம், கருப்பு மருதாணியும் வேணாம்" என்றார். தடவ ஒரு மருந்தும், அரிப்புக்கு மாத்திரையும் எழுதினார். முகமோ உதடோ வீங்கினால், மூச்சு வாங்கினால், காத்திருக்காமல் உடனே வரச் சொன்னார். அக்கா, "முந்திரிப் பால் இல்லையே சார்?" என்று கடைசியாக ஒருதடவை கேட்டார். "இதா? இல்லம்மா" என்றார் டாக்டர்.

கடைக்குத் திரும்பி வந்து, அண்ணனுக்கு முடியை ஒட்ட வெட்டினேன். ஒட்ட வெட்டினால் வெள்ளை அவ்வளவு தெரியாது. மீசையைச் சின்னதாக்கினேன். என்னால் முடிந்தது அதுதான். அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "கெழவனாத்தான் தெரியுறான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கூட்டம் அதிகமான நாள். கை வேலையைப் பார்த்தது, மனது மணமேல்குடியில் இருந்தது. நான் செய்தது சரி என்று தெரியும். ஆனால் ஒரு மனிதன் ஆறு வருஷம் தனியாக இருந்துவிட்டு ஒருநாள் கிளம்பும்போது, அந்த நாளில் கை வைத்தவன் நான்தானே என்றும் இருந்தது. போன் அடிக்கவில்லை. நானும் அடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை. அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். முதலில் கையைக் காட்டினார். சிவப்பு அடங்கி, கொப்புளம் வற்றி, பழுப்பாகக் காய ஆரம்பித்திருந்தது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதாகச் சொன்னார். காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் மணமேல்குடியைப் பற்றிப் பேசினார்.

"பொண்ணோட அண்ணன் என் தலையப் பாத்தாரு. வயசு என்னன்னு கேட்டாரு. அக்கா நாப்பத்திரண்டுன்னு வாயெடுக்கறதுக்குள்ள நான் நாப்பத்தெட்டுன்னு சொல்லிட்டேன். இந்தத் தலைய வச்சுக்கிட்டு எப்படி தம்பி பொய் சொல்றது?"

"என்ன சொன்னாங்க?"

"சொல்லி அனுப்புறோம்னாங்க."

பத்து நாள் கழித்துச் சொல்லி அனுப்பினார்கள். வேண்டாம் என்று. காரணம் சொல்லவில்லை. வயசா, தலையா, பொய்யா, வேறு ஏதாவதா, யாருக்கும் தெரியாது. அக்கா அதற்குப் பிறகு என் கடைப்பக்கம் வரவில்லை. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருக்கிறது.

அண்ணன் மாதம் ஒருதடவை வருகிறார். போனதடவை அவருக்குப் பின்கழுத்தில் கத்தி போட்டுக்கொண்டிருந்தபோது, நானே கேட்டுவிட்டேன். "நான் அடிச்சு விட்டிருந்தா அமைஞ்சிருக்குமோண்ணே?"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அமைஞ்சிருக்கும். மூஞ்சி வீங்கிப் போனவனப் பாத்துட்டு, பாவம்னு கட்டிக்கிட்டிருப்பாங்க" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது புதிதாக டை அடிக்க வருகிறவரிடம் திருவிழா, மருதாணி, கையில் அச்சு எல்லாவற்றையும் கேட்கிறேன். காதுக்குப் பின்னால்தான் வைக்கிறேன். இரண்டு நாள் பொறுக்காதவர்கள் போய்விடுகிறார்கள். போகிறவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப இன்னும் எனக்கு நாக்கு எழுவதில்லை. சிலசமயம் வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிடுகிறேன். போன வாரம் அப்படிப் போனவர் ஒருவர், முப்பது வயசுக்காரர், எதிர்த்த கடையில் உட்கார்ந்தது இங்கிருந்தே தெரிந்தது. இரண்டு நாள் அவரைத் தெருவில் காணவில்லை, எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பார்த்தேன். முகம் நன்றாகத்தான் இருந்தது.

ஐப்பசி 11, செவ்வாய்க்கிழமை. கடை விடுமுறை.